விதியும் முயற்சியும்: ஒரு பழமொழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் உழவர் குழுக் கூட்டம். பத்து நிமிடம் பேசச் சொல்லி அழைத்தார்கள். "முயற்சியப் பத்திப் பேசுங்க சார். ஏதாச்சும் ஒரு பழமொழிய வச்சுப் பேசுனா மனசுல நிக்கும்" என்றார் குழுத் தலைவர். எளிய வேலைதான் என்று ஒப்புக்கொண்டேன். ஊரில் இறங்கும்போதே இன்னொரு செய்தியும் காதில் விழுந்தது. அந்தக் கோடையில் பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர் ஒரே ரிக் வண்டியை வைத்து, ஒரே வாரத்தில், ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நானூறு அடியில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. இன்னொருவருக்குத் தொள்ளாயிரம் அடி போயும் வெறும் புகை. இருவரும் அன்று கூட்டத்துக்கு வருகிறார்கள்.

வேலையின் எளிமை அத்தோடு போயிற்று. புகை வந்தவர் முன்னால் "முயன்றால் முடியாதது இல்லை" என்று எப்படிச் சொல்வது? தண்ணீர் வந்தவர் முன்னால் "எல்லாம் தலையெழுத்து" என்று எப்படிச் சொல்வது? இருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லக்கூடிய பழமொழி தமிழில் இருக்கிறதா? இந்தக் கட்டுரை அந்தத் தேடலிலிருந்து பிறந்தது.

இரண்டு குவியல்கள்

தமிழில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. பெர்சிவல் பாதிரியார் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை இருக்கின்றன. ஜென்சன் 1897இல் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அச்சிட்டார். பின்னாளில் கி.வா. ஜகந்நாதன் தொகுத்தவை நான்கு தொகுதிகளாக, இருபதாயிரத்துக்கு மேல் விரிந்தன. விதியையும் முயற்சியையும் பற்றியவற்றை மட்டும் பொறுக்கினாலே ஒரு சிறு நூல் ஆகிவிடும்.

பொறுக்கி வைத்துப் பார்த்தால் முதலில் இரண்டு குவியல்கள் தெரிகின்றன. ஒரு பக்கம்: "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்", "நாம் ஒன்று நினைக்க, தெய்வம் ஒன்று நினைக்கும்", "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்", "எண்ணெய் தேய்த்துக்கொண்டு மண்ணில் புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்". மறுபக்கம்: "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்", "எறும்பு ஊரக் கல்லும் தேயும்", "தன் கையே தனக்கு உதவி", "உழுகிற நாளில் ஊருக்குப் போனால் அறுக்கிற நாளில் ஆள் தேவையில்லை".

இந்த இரண்டு குவியலையும் எதிரெதிரே நிறுத்தி, "பார்த்தீர்களா, தமிழர் சிந்தனையில் எத்தனை முரண்பாடு" என்று முடிப்பது பட்டிமன்ற வழக்கம். நடுவர் ஒரு பக்கம் தீர்ப்பு சொல்வார், கைத்தட்டலோடு கலைவார்கள். ஆனால் ஊரில் பழமொழியைப் பேச்சோடு பேச்சாகப் பயன்படுத்துகிற யாரும் இந்த முரணால் தடுமாறுவதில்லை. காலையில் மகனிடம் "அடிமேல் அடி" என்று சொன்ன அதே ஆத்தா, மாலையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் "பட்ட காலிலேதான் படும்" என்கிறாள். இரண்டையும் ஒரே வாய்தான் சொல்கிறது. ஆகவே பழமொழி என்ன சொல்கிறது என்பதோடு, எப்போது, யாரிடம் சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நடந்த பின்னும் நடப்பதற்கு முன்னும்

அப்படிப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. விதிப் பழமொழிகளில் பெரும்பாலானவை காரியம் முடிந்த பிறகு சொல்லப்படுபவை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது. இனி ஒட்டவைக்க முடியாது. அப்போது சொல்லப்படும் விதிப் பேச்சு தத்துவம் அல்ல, தோளில் வைக்கிற கை. "உன் தப்பு இல்லப்பா" என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் முறை அது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பதும் அப்படித்தான். விபத்து நடந்து முடிந்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

முயற்சிப் பழமொழிகளோ காரியம் நடப்பதற்கு முன்பு சொல்லப்படுபவை. அம்மி இன்னும் நகரவில்லை, கல் இன்னும் தேயவில்லை. உழுகிற நாள் இன்னும் கையில் இருக்கிறது. ஆகவே அவற்றில் "அடித்தால்", "போனால்" என்கிற நிபந்தனைகளும், "செய்" என்கிற ஏவல்களும் நிறைந்திருக்கும்.

கேடு எங்கே வருகிறது என்றால், இடம் மாறும்போது. விதிப் பழமொழியைக் காரியத்துக்கு முன்னால் சொன்னால் அது சோம்பலுக்குப் போர்வையாகிறது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று கன்று நட்டவனே உட்கார்ந்துவிட்டால் கன்று காய்ந்துபோகும். முயற்சிப் பழமொழியைக் காரியத்துக்குப் பின்னால் சொன்னால் அது குற்றச்சாட்டாகிறது. புகை வந்த கிணற்றுக்காரரிடம் "முயன்றால் முடியாதது இல்லை" என்றால், "நீ சரியாக முயலவில்லை" என்று அவர் காதில் விழும்.

நாமக்கல் லாரித் தொழிலின் ஊர் என்பதால் இன்னோர் உதாரணம். ஓட்டுநர்கள் கூட்டத்தில் "ஆறிலும் சாவு நூறிலும் சாவு" என்று ஒருவர் பேசினால் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் இரவெல்லாம் தூங்காமல் வண்டி ஓட்டப் போகிறவனுக்கு அந்தப் பழமொழி செய்கிற வேலை என்ன? இறந்தவன் வீட்டில் ஆறுதலாக இருக்கக்கூடிய சொல், சாவி கையில் இருக்கிறவனிடம் நஞ்சாகிறது. தமிழில் "விதி" என்ற ஒரே சொல் தலையெழுத்தையும் குறிக்கிறது, சாலை விதியையும் குறிக்கிறது. முதல் பொருளைச் சொல்லி இரண்டாவதை மீறுகிறவர்கள் நெடுஞ்சாலையில் நிறையப் பேர்.

"வினை" என்னும் ஒரே சொல்

இரண்டு குவியலும் எதிரெதிர் அல்ல என்பதற்கு மொழியே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. செய்கிற செயலும் வினை, செய்ததன் பயனாகத் திரும்பி வருவதும் வினை. விதிக்கு ஊழ்வினை என்று பெயர், முயற்சிக்கு ஆள்வினை என்று பெயர். இரண்டிலும் அடிச்சொல் ஒன்றே.

திருக்குறள் இந்த இரண்டையும் தனித்தனி அதிகாரமாக வைத்திருக்கிறது. 38ஆம் அதிகாரம் ஊழ். அறத்துப்பாலின் கடைசி அதிகாரம் அது. 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை, பொருட்பாலில். ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறள் ஊழைக் காட்டிலும் வலியது எதுவும் இல்லை என்ற கருத்தில் முடிகிறது. ஆள்வினையுடைமையின் கடைசிக் குறளோ சோராமல் முயல்கிறவர் ஊழையும் புறங்காண்பார் என்ற கருத்தில் முடிகிறது. எனக்கு இந்த இரண்டையும்விடப் பிடித்தது, பின்னதற்கு முந்தைய 619ஆம் குறளின் கருத்து. தெய்வமே கைகொடுக்காவிட்டாலும் உழைத்த உடம்புக்கு உரிய கூலியாவது கிடைக்கும் என்கிறார் வள்ளுவர். லாபம் என்று சொல்லாமல் கூலி என்று சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். அது அளந்து கொடுத்த வாக்கு.

பேச்சு வழக்கிலும் இந்தக் கலப்பு உண்டு. நல்ல வாழ்வு வாய்த்தவனைக் "குடுத்து வச்சவன்" என்கிறோம். விதியைச் சொல்கிற சொல்தான். ஆனாலும் முன்பு எப்போதோ அவனே கொடுத்து வைத்ததை இப்போது வாங்கிக்கொள்கிறான் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. "வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான்" என்ற பழமொழியும் அதே கணக்குத்தான்.

முயற்சிக்கு இடமே இல்லை, எல்லாம் நியதி என்று சாதித்தவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். ஆசீவகர் கொள்கை அது. மணிமேகலையில் அவர்கள் கொள்கை எடுத்துரைக்கப்படுகிறது, நீலகேசியில் அதை மறுக்கத் தனிச் சருக்கமே இருக்கிறது. அந்தச் சமயம் மறைந்துவிட்டது. அதன் சாயல் மட்டும் "நடக்கிறது நடக்கட்டும்" என்ற பேச்சில் இன்னும் உலவுகிறது.

மேடையேறத் தகுதியுள்ளவை

இனி தேர்வு. நடுநிலையான பழமொழி என்றால் எதை எதிர்பார்க்கிறோம் என்று முதலில் தெளிவாக வேண்டும். நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். நம் கையில் இல்லாத ஒன்றை அது ஒப்புக்கொள்கிறதா? நம் கையில் இருக்கிற ஒன்றைப் பெயர் சொல்லிக் காட்டுகிறதா? தோற்றவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா?

"விதியை மதியால் வெல்லலாம்." சமாதானப் பேச்சுபோலத் தோன்றினாலும் இது முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. வெல்லலாம் என்று வாக்கு கொடுக்கிறது. வெல்லாதவனுக்கு மதி இல்லை என்று அதே மூச்சில் பொருள் வந்துவிடுகிறது. மூன்றாவது கேள்வியில் தோற்றது.

"தான் பாதி, தெய்வம் பாதி." நடுநிலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். சரிபாதியாகப் பங்கு பிரித்துவிடுவதால் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் எது என் பாதி என்று இது சொல்வதில்லை. கேட்டவர் வீட்டுக்குப் போய் நாளைக் காலையில் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு இதில் விடை கிடையாது. இரண்டாவது கேள்வியில் தோற்றது.

"வினை விதைத்தவன் வினை அறுப்பான்." அறத்தைச் சொல்ல நல்ல பழமொழி. ஆனால் மழை பொய்த்த ஆண்டில், கிணறு வறண்ட ஆண்டில் இதைச் சொன்னால், பாதிக்கப்பட்டவன் ஏதோ பாவம் செய்தான் என்று ஆகிவிடும். தினை விதைத்தும் அறுக்க முடியாதவர்கள் நிறைந்த கூட்டத்தில் இது கூடவே கூடாது.

"எண்ணெய் தேய்த்துக்கொண்டு புரண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்." இதில் முயற்சியும் இருக்கிறது, எல்லையும் இருக்கிறது. ஆறுதலுக்கு அருமையானது. ஆனால் முயற்சியைக் கேலிக்கூத்தாகக் காட்டுகிறது. எண்ணெய் பூசி மண்ணில் புரள்கிறவனைப் பார்த்து யாரும் தானும் அப்படி உழைக்க வேண்டும் என்று எழுந்து போவதில்லை.

"ஆடிப்பட்டம் தேடி விதை." இங்கேதான் கொஞ்சம் நின்றேன். பட்டம் நம் கையில் இல்லை, தேடுவது நம் கையில் இருக்கிறது. நாமக்கல், சேலம் மானாவாரி நிலத்தில் நிலக்கடலையும் சோளமும் விதைக்கிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. குறை என்னவென்றால், இது ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆடியில் மழை ஏமாற்றினால் பேச்சு பழமொழியை விட்டு வானிலைக்குப் போய்விடும். கிணற்றுப் பாசனக்காரருக்கும் கோழிப்பண்ணைக்காரருக்கும் இது தள்ளி நிற்கிற சொல்.

கடைசியில் மிஞ்சியது "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்." இன்று இதற்குக் கெட்ட பெயர்தான். பதவி இருக்கும்போதே சுருட்டிக்கொள் என்ற பொருளில்தான் பத்திரிகைகளும் மேடைகளும் இதைப் பயன்படுத்துகின்றன. அந்தக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம், தூற்றுகிற வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துபோனது. கதிர் அறுக்கும் இயந்திரம் வயலிலேயே தானியத்தைப் பிரித்துச் சாக்கில் கொட்டிவிடுகிறது. ஆகவே களத்துமேட்டுக்கே ஒருமுறை போய் வர வேண்டும்.

களத்தில் நடந்தது

தாம்படித்து முடித்த பிறகு களத்தில் கிடப்பது தானியமும் பதரும் தூசும் கலந்த குவியல். இதைப் பிரிக்கக் காற்று வேண்டும். காற்றை யாராலும் வரவழைக்க முடியாது. ஆனால் காற்று வருவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் இருந்தன. களத்தைச் சாணம் போட்டு மெழுகிக் காயவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தானியத்தோடு மண் சேரும். குவியல் ஈரம் இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும், ஈரப் பதர் பறக்காது. முறமும் விளக்குமாறும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆளும் அங்கேயே இருக்க வேண்டும்.

காற்று எழுந்ததும் ஒரு கைப்பிடி தூசியை மேலே விட்டு, எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். காற்றுக்குக் குறுக்காக நின்றுகொண்டு, முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியவிடுவார்கள். கனமான மணி நேரே காலடியில் விழும். பதர் தள்ளிப்போய் விழும். இன்னொருவர் விளக்குமாற்றால் பொலியின் மேல் ஒதுங்கும் கருக்காயைத் தள்ளிக்கொண்டே இருப்பார்.

காற்று மந்தமானால் பதர் பொலியிலேயே விழும். அதிகமானால் இளைத்த மணியும் பதரோடு போய்விடும். அப்போது முறத்தைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். காற்று திசை மாறினால் நிறுத்திவிட வேண்டும். மாறிய பிறகும் வீம்புக்குத் தூற்றினால் பிரித்த பொலிமேலேயே பதர் வந்து விழும், முதலிலிருந்து வேலை. ஆக, காற்று விதி. களம் கூட்டுவது, உலர்த்துவது, திசை பார்ப்பது, உயரம் மாற்றுவது, நிறுத்துவது ஆகிய ஐந்தும் ஆளின் வேலை. காற்றே வராத நாளில் யாரும் தூற்றுகிறவனைக் குறை சொன்னதில்லை. வந்தபோது களம் கூட்டாமல் இருந்தவனை மட்டுமே குறை சொன்னார்கள்.

மூன்று கேள்விக்கும் இந்தப் பழமொழி நின்றது.

கிணற்றடிக்குத் திரும்புதல்

கூட்டத்தில் களத்துமேட்டை விவரித்தபோது வயதானவர்கள் தலையை ஆட்டினார்கள். இளைஞர்கள் முறத்தின் உயரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டார்கள். அதன் பிறகுதான் கிணற்றுப் பேச்சை எடுத்தேன்.

சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது நைஸ், சார்னகைட் வகைக் கெட்டிப் பாறை. மணலில் நிற்பதுபோல இதில் தண்ணீர் எங்கும் பரவி நிற்காது. மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும்தான் நிற்கும். துளை வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், ஐம்பதடி தள்ளித் தொடாமல் போனால் புகை. புகை என்பது அரைபட்ட பாறை மாவு, ஈரமில்லாமல் மேலே வருவது. பக்கத்துத் தோட்டத்தில் வந்தது இந்தத் தோட்டத்தில் வராததற்குக் காரணம் யாருடைய பாவமும் அல்ல, யாருடைய சோம்பலும் அல்ல. வெடிப்பு அங்கே இருந்தது, இங்கே இல்லை. இதுதான் காற்று.

களம் கூட்டுவது எது? போடுவதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தையும், எத்தனை அடியில் தண்ணீர் தட்டியது என்பதையும் எழுதி வைப்பது. தேங்காயும் வேப்பங்குச்சியும் காட்டுகிற இடத்தை மட்டும் நம்பாமல் நிலத்தடி மின்தடை ஆய்வு செய்து பார்ப்பது. அதுவும் உறுதி தராது, ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு துளைப்பதைவிட மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை அடியில் நிறுத்துவது என்று வண்டி வருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்வது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு அடிக்கணக்கில்தான் கூலி, ஆழம் போகப் போக அடிக்கூலியும் ஏறும். "இன்னொரு அம்பது அடி பாத்துடலாம்" என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அங்கேதான் கடன் ஏறுகிறது. காற்று திசை மாறிய பிறகும் தூற்றுவது அது.

பேசி முடித்ததும் புகை வந்தவர் எழுந்தார். "அறுநூறுலயே நிறுத்தலாம்னு பையன் சொன்னானுங்க. நாந்தான் விதி எப்படியோ பாத்துடலாம்னு போகச் சொன்னேன்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, அவமானம் இல்லை. பக்கத்தில் இருந்தவர், தண்ணீர் வந்தவர், "எனக்கு வந்துருச்சுன்னு நான் கெட்டிக்காரன்னு ஆயிடாதுங்க, நானும் தேங்கா வச்சுத்தான் பாத்தேன்" என்றார். பிறகு பேச்சு பண்ணைக்குட்டை வெட்டுவதைப் பற்றியும், சொட்டுநீர்க் குழாயைப் பற்றியும் போயிற்று. எனக்குக் கொடுத்த பத்து நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.

எல்லைகள்

இந்தப் பழமொழி எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். சாவு வீட்டில் இதைச் சொல்லக் கூடாது. அங்கே விதிப் பழமொழிக்குத்தான் இடம். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் எறும்பும் கல்லும் போதும், காற்றைப் பற்றிப் பேசினால் சாக்கு தேடிக்கொள்வார்கள். நிலமே இல்லாத கூலியாட்களிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்குக் களமும் தானியமும் வேறு ஆளுடையவை. அவர்கள் வாழ்வில் விதி என்று பெயர் சூட்டப்பட்டவற்றில் பல மனிதர்கள் செய்தவை. அதைக் காற்றோடு சேர்த்துவிடுவது பொய். அங்கே பழமொழியை மூடி வைத்துவிட்டு, கூலியைப் பற்றி நேராகப் பேசுவதே முறை.

மேடையேறப் போகிறவர்களுக்கு ஒரு சொல். தேர்ந்தெடுத்த பழமொழியைக் கைத்தட்டுகிறவர்களை நினைத்துச் சோதிக்காதீர்கள். அந்த ஆண்டு அந்தக் கூட்டத்தில் அதிகம் இழந்தவர் யார் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அவருக்கு எதிரே உட்கார்ந்து அந்தப் பழமொழியைச் சொல்வதாக ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அவர் தலை குனிந்தால் அது வேண்டாம், வேறொன்றை எடுங்கள். இருபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன.